போகி காலை, ஏழரை முதல் எட்டரை

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்கே சங்கடமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். பெட்டிமேல் சைஸும் நிறமும் எழுதுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது, இதுதான் என் எழுத்து வேலை. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவள், புத்தகத்தில் என்ன சொல்லிவிடப் போகிறேன் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். ஆனால் நான் எழுதிய சில வரிகளை ஒரு பொங்கலுக்கு எங்கள் ஊரில் நிறைய பேர் படித்தார்கள். அந்த வரிகளால் என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பூ விற்கிறவர். பொங்கல் வந்தால் மட்டும் பூவை நிறுத்திவிட்டுக் கரும்பும் மண்பானையும் போடுவார். கரும்பு கடலூர் பக்கத்திலிருந்து லாரியில் வரும். பானை கலவை என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, வைக்கோலுக்கு நடுவில் அடுக்கி, மினி லாரியில் வரும். பெரிய ரோட்டில் பாலத்துக்குக் கீழே அவருக்கு ஒரு இடம் உண்டு. யாரும் எழுதிக் கொடுத்த இடம் இல்லை. பல வருஷமாக அங்கேயே கரும்பைச் சாத்தி நின்றதால் ஆன இடம்.

அந்த வருஷம் அந்த இடத்தில் கால்வாய் வேலை ஆரம்பித்துப் பள்ளம் தோண்டிவிட்டார்கள். வேறு இடங்களில் வேறு ஆட்கள். அக்கா இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். லோடுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. வேண்டாம் என்றால் லாரிக்காரர் அடுத்த வருஷத்திலிருந்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். வாங்கினால் பொங்கல் காலைக்குள் விற்றாக வேண்டும். அதற்குப் பிறகு கரும்பு மாட்டுத் தீனி. பானையையாவது வைத்துக்கொள்ளலாம், கரும்பை என்ன செய்வது?

“வூட்டுக்கே கொண்ணாந்து தர்றேன்னு போன்ல போட்டா வாங்குவாங்களா?” என்று கேட்டார். “பிரியாணியே வூட்டுக்கு வருது. கரும்பு வராதா?”

வாங்குவார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. எங்கள் லைனில் வேலை செய்யும் பெண்கள் முக்கால்வாசிப் பேர் போகி அன்றும் வேலைக்கு வருவார்கள். பொங்கலுக்குத்தான் லீவு. வேலை விட்டுப் போய்க் கடைத்தெருக் கூட்டத்தில் கரும்பைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏற முடியாது என்று வருஷா வருஷம் புலம்புவார்கள்.

“அப்ப நீ எழுது. உன் எழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும். எழுதிக் குடுடி, டீச்சரம்மா” என்றார். எனக்கு அவர் வைத்த பேர் அது. கேலிதான். ஆனால் அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், கேலியில் கொஞ்சம் நிஜமும் இருக்கும்.

போன வருஷத்து போட்டோ ஒன்று அவர் போனில் இருந்தது. பானைகள் வரிசையாக, பின்னால் கரும்பு சாய்ந்து நிற்கும். அதற்குக் கீழே போட வேண்டிய வாசகத்தைத்தான் நான் எழுத வேண்டும். பெட்டிமேல் எழுதுவது போலத்தானே என்று உட்கார்ந்தேன். அப்படி இல்லை. பெட்டியில் இருப்பதை எழுதுவது ஒன்று. இன்னும் வராத கரும்புக்கும் இன்னும் கேட்காத ஆட்களுக்கும் எழுதுவது வேறு.

விலையை அக்கா சொன்னார். செட்டாகப் போடலாம் என்பதும் அவர் யோசனைதான். தனித்தனியாகக் கேட்டால் பேரம் பேசுவார்கள், செட் என்றால் ஒரே விலை. கரும்பை ஒற்றையாகப் போடாதே என்று கண்டிப்பாகச் சொன்னார். கோலத்துக்கு இரண்டு பக்கமும் சாத்த ஜோடி வேண்டும். நேரத்தை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். கொண்டுபோய்க் கொடுக்க எங்கள் தெரு முனையில் லோடு ஆட்டோ வைத்திருக்கும் பாய் ஒத்துக்கொண்டார். அவர் காலையில் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறவர். ஏழு மணிக்குத்தான் கை ஓயும். கம்பெனி பஸ் எட்டரைக்கு மேல் வரும். லைனில் பக்கத்தில் நிற்கும் பெண்களிடம், எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்று கேட்டேன். பஸ்ஸுக்கு முன்னாடி என்றார்கள். முந்தின நாளே கொடுத்துவிடலாமா என்றதற்குத் தலையாட்டி மறுத்தார்கள். போகித் தீயில் பழசு போன பிறகுதான் புதுப் பானை வீட்டுக்குள் வர வேண்டுமாம். இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்ததில் நேரம் தானாகவே வந்துவிட்டது. கடைசியில் இப்படி எழுதினேன்:

“பொங்கல் கரும்பும் மண்பானையும் உங்கள் வாசலுக்கே வரும்.
சின்ன செட்: அரைக்கிலோ அரிசிப் பானை ஒன்று, கரும்பு ஒரு ஜோடி, மஞ்சள் கொத்து ஒன்று. ரூ. 280.
பெரிய செட்: சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு பானை, வெண்பொங்கலுக்கு ஒரு பானை, கரும்பு ஒரு ஜோடி, மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து. ரூ. 420.
முழுக் கட்டு, இருபது கரும்பு: ரூ. 650.
வந்து தரும் நேரம்: போகி காலை 7.30 முதல் 8.30 வரை. போகி மாலை 6.30 முதல் 8 வரை. பொங்கல் காலை 5.30 முதல் 6.30 வரை, கரும்பு மட்டும்.
எந்த நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லவும்.
புதுப் பானையை ஒரு பகலோ ஒரு இரவோ முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்த பிறகே அடுப்பில் ஏற்றவும்.”

கடைசி வரியை அக்கா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஊறாத பானை தீயில் கீறல் விட்டால் பழி விற்றவர்மேல்தான் வரும். “இது நல்லாருக்குது. போடு” என்றார்.

அவர் போனில் ஸ்டேட்டஸ் போட்டோம். நான் எங்கள் லைன் குரூப்பிலும் அனுப்பினேன். அந்தக் குரூப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான் எதுவும் அனுப்பியதில்லை. பத்து நிமிஷத்துக்குள் ‘அக்கா உங்களுக்குப் பேச வருமா’ என்று ஒருத்தி சிரிப்புப் படத்தோடு போட்டாள். அதற்குப் பின்னாலேயே ஆர்டரும் வந்தது. அந்தப் பெண்கள் தங்கள் தெருவுக்கும் அனுப்பினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் கேட்டது போகி காலை. பானை பகல் முழுக்க ஊறட்டும், சாயங்காலம் வந்தால் கோலம் போடவும் முறுக்கு சுடவும் நேரம் சரியாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. மாலை நேரத்துக்கும் போதுமான அளவு ஆர்டர் சேர்ந்தபோது, பாய் அதற்குமேல் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போகி சாயங்காலம் பஜாரில் வண்டி நகராது.

அக்கா லாரிக்காரருக்குப் போன் செய்து லோடு சொன்னதோடு இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கரும்பு வந்து இறங்கியது. நான் சர்ச் முடித்து வந்து புடவையை மாற்றிக்கொண்டு கட்டுகளைப் பிரித்து ஜோடி போட உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிடும்போது அக்காவின் போன் சத்தம் போட்டது. எங்கள் லைனில் ஷூவைச் சரிபார்க்கும் செக்கராக இருக்கும் பெண் ஒருத்தி அனுப்பியிருந்தாள். பொங்கல் வைக்க நல்ல நேரம் பார்க்கலாம் என்று தினசரி காலண்டரைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். போகி திங்கட்கிழமை. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். அந்த நேரத்தில் புதுப் பானை வாங்க முடியாது, தனக்கு வேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள்.

அவள் அதையே குரூப்பிலும் போட்டிருந்தாள். அவள் என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் லைனில் அவள் சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள் ஏழெட்டுப் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்புறமும் வந்துகொண்டே இருந்தது.

நான் வாசகத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். போகி என்றும் பொங்கல் என்றும் எழுதியிருந்தேனே தவிர, எங்கேயும் கிழமை எழுதவில்லை. படித்தவர்களும் பஸ் நேரத்தைப் பார்த்தார்களே தவிரக் கிழமையைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை ஏழரை என்று எழுதியிருந்தால் முதல் ஆளே சொல்லியிருப்பாள். எங்கள் வீட்டில் ராகு காலம் பார்க்கிற வழக்கம் இல்லை. பார்க்கிறவர்களுக்கு நடுவில்தான் பிறந்து வளர்ந்தேன், ஆனாலும் அது எனக்குப் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. காதில் விழும், ஆனால் என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

அக்கா கரும்புத் தோகையின்மேல் உட்கார்ந்திருந்தார்.

“ராகு காலம்னு ஒன்னு இருக்குதுன்னு தெரியாதா டீச்சரம்மா?”

“தெரியும்க்கா. போகி திங்கக்கெழமன்னுதான் தோணல.”

“நீ சர்ச்சுக்குப் போறவ, உன்ன வுடு. ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டனே, எனுக்கு எங்க போச்சு புத்தி?” என்றவர், கொஞ்சம் கழித்து, “பாலத்தாண்ட வித்தப்ப இந்த வம்பே இல்ல. அவங்கவங்க நேரம் பாத்துக்கினு அவங்கவங்க வருவாங்க. நேரத்த நாம சொன்னதுதான் தப்பு” என்றார்.

அதை நான் பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கடையில் நிற்கிறவர் சரக்கை மட்டும் வைத்திருந்தால் போதும். வாசலுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொன்ன உடனே அந்த வீட்டு நேரத்தையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாய் வந்து விஷயத்தைக் கேட்டார். இன்னும் முன்னால் வர முடியுமா என்றதற்கு, மார்க்கெட் லோடை விட்டால் பொங்கலோடு அந்த வாடிக்கை போய்விடும் என்றார். அன்று காலை வேறு வண்டியும் கிடைக்காது. ஒன்பது மணிக்குப் பிறகு போனால் எல்லா வீடும் பூட்டியிருக்கும்.

“இன்னா பேஜாருக்கா இது. வண்டி என்து, ஓட்றது நானு. எனுக்கு ராகு கெடையாது. அப்பறம் பானைக்கி மட்டும் எப்டி வரும்?” என்றார் பாய்.

“உனுக்கு இல்லியா?”

“எனுக்குப் பைபாஸ் சிக்னல்தான் ராகு. டெய்லி உண்டு.”

அக்கா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு முகம் இன்னும் வாடிப்போயிற்று. பின்னால் சுவர் முழுக்கக் கரும்பு.

போனில் பேசுவது எனக்கு நேரில் பேசுவதைவிடக் கஷ்டம். அதனால் அந்தச் செக்கர் பெண்ணின் வீட்டுக்கு நடந்தே போனேன். என்ன கேட்கப் போகிறேன் என்று தெரியாது. வேண்டாம் என்றவளிடம் வேண்டும் என்று சொல் என்று எப்படிக் கேட்பது? வாசலில் பழைய கோரைப்பாய், துடைப்பம், கிழிந்த தலையணை எல்லாம் மறுநாள் கொளுத்தக் குவித்து வைத்திருந்தார்கள். அவள் ஸ்டூல் மேல் நின்று ஜன்னலுக்குமேல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, கம்பெனில பக்கத்துல நின்னாக்கூடப் பேச மாட்டீங்க. வூட்டுக்கே வந்துட்டீங்க?” என்று இறங்கி வந்தாள்.

பானை விஷயம் என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது.

“நான் வேணும்னு பண்லக்கா. அந்தக்காவப் பாத்தா எனுக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா புதுப் பானையாச்சே. நாளைக்கி வூட்ல ஒருத்தருக்குக் காச்சல் வந்தாக்கூட, ராகுல வாங்கன பானைன்னு எம் மாமியா சொல்வாங்க. அந்தப் பேச்சு வருஷம் முழுக்கக் கேக்கணும்.”

அவள் பயந்தது ராகுவுக்கு மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வீட்டில் கெட்டது எதுவும் நடந்தால், யாரால் என்று கேட்கும்போது, விரல் தன் பக்கம் திரும்பக் கூடாது. அதற்காகத்தான் பெண்கள் நேரம் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. அது எந்த மதத்துக்காரருக்கும் புரிகிற பயம்தான். எங்கள் வீட்டில் அதற்கு வேறு காரணங்கள் வைத்திருக்கிறோம்.

கரும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் சுண்ணாம்பு மட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“நாங்க இந்த வூட்டுக்குக் குடி வந்தப்ப இதே கததான்” என்றாள். “லாரிக்காரன் ராகு காலத்துலதான் வருவேன்னுட்டான். அதுக்கு முன்னாடியே எங்க வூட்டுக்காரரு உப்பும் மஞ்சளும் கொண்ணாந்து உள்ள வெச்சிட்டாரு. குடி வந்தாச்சு. அப்பறம் கட்லு பீரோ எப்ப வந்தா இன்னா? அது மிச்ச சாமான். எம் மாமியாவே ஒத்துக்கினாங்க.”

சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

“உங்க செட்டுல மஞ்சக் கொத்து இருக்குது இல்ல?”

“இருக்குது.”

“அத ஏழரைக்கி முன்னாடி வாசலுக்குக் கொண்ணாந்து குடுக்க முடியுமா? ஒவ்வொரு வூட்டுக்கும்? யாரு வருவாங்க?”

பாய்க்கு லோடு. அக்கா விடியற்காலை வரும் பானைகளை இறக்கி அடுக்கி, ஆட்டோ வந்ததும் ஏற்ற வேண்டும். வேறு யாரும் இல்லை. “நான் வர்றேன்” என்றேன். அவள் நம்பாமல்தான் தலையாட்டினாள்.

எனக்கு எதிரிலேயே போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குரூப்பில் பேசினாள்:

“எல்லாரும் கேளுங்கடி. ஏழரைக்கி முன்னாடி மஞ்சக் கொத்து வந்துடும். அத உள்ள எடுத்துக்கினா பொங்கல் சாமான் வாங்கியாச்சு. பின்னாடி வர்ற பானையும் கரும்பும் அதோட மிச்சம். நான் அப்டித்தான் வாங்கப் போறேன். மனசு ஒப்பலன்னா இப்பவே வாணாம்னு சொல்லிடுங்க. மஞ்ச எடுத்துக்கினு வர்ற அக்காவ வாசல்ல நிக்க வுடாதீங்க.”

வீடு வந்து சேர்வதற்குள் முக்கால்வாசிப் பேர் சரி என்று போட்டிருந்தார்கள். நாலைந்து பேருக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு வீட்டில் மாமனாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள், கடைசிவரை சொல்லவில்லை. நான் வாசகத்தைத் திருத்தினேன். ‘போகி, திங்கட்கிழமை’ என்று கிழமையைச் சேர்த்தேன். அதற்குக் கீழே, ‘மஞ்சள் கொத்து காலை ஆறு மணிக்குமேல் ஏழரைக்குள் வரும். பானையும் கரும்பும் பின்னால் வரும்’ என்று எழுதினேன். இந்தத் தடவை அக்கா தினசரி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் படிக்கச் சொன்னார்.

போகி அன்று விடிவதற்கு முன்பே தெருவெல்லாம் புகை. டயர் கொளுத்தாதே என்று எவ்வளவு சொன்னாலும் யாராவது கொளுத்துவார்கள். பனியும் புகையுமாக எதிர் வீடு தெரியவில்லை. இலையோடும் கிழங்கோடும் இருந்த மஞ்சள் கொத்துகளை இரண்டு பெரிய கட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மண் ஒட்டிய பச்சை மஞ்சளின் வாசனை புகையைத் தாண்டி வந்தது.

முதல் வீட்டில் என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோய் “மஞ்சள்” என்று மட்டும் சொன்னேன். அது போதுமாக இருந்தது. அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வீட்டில் ஒரு ஆண் வந்து வாங்கப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு குரல், “நீங்க வாணாம், நான் வர்றேன்” என்றது. கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். வாங்கிக்கொண்டு, நில்லும்மா என்று உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து நீட்டினார்.

மஞ்சள் கொண்டுவந்த பெண்ணை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று அவருக்கு. நான் யார், எந்தக் கோயிலுக்குப் போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அவர் சங்கடப்படுவார், மன்னிப்புக் கேட்பார், நேரம் ஓடும். விரலால் ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வரேம்மா என்றேன். அவர் சந்தோஷமாகக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு இன்னும் சில வீடுகளிலும் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் அதே உள்ளங்கையில் வாங்கினேன். அது தப்பா என்று அப்போது யோசிக்கவில்லை. யோசித்த பிறகும் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஒரு காம்பவுண்டு வீடு. உள்ளே ஐந்து குடும்பம், ஆளுக்கொரு பெரிய செட்டும், கூடவே எல்லோருக்குமாக ஒரு முழுக் கட்டும் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர் அது. போய்ச் சேரும்போது ஏழு இருபது தாண்டிவிட்டது. இரும்பு கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. உள்ளே ஸ்பீக்கரில் பாட்டு. கேட்டைத் தட்டினேன். அம்மா என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. போனில் நிமிஷம் மாறிக்கொண்டே இருந்தது.

ஏழரை தாண்டிவிட்டால் அவர்கள் வாங்க மாட்டார்கள். அந்தக் கட்டும் பானைகளும் அக்கா வீட்டுச் சுவரிலேயே நிற்கும். கேட்டின் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மஞ்சள் வந்திருக்கு” என்று கத்தினேன். ஸ்கூலில்கூட அப்படிக் கத்தியதில்லை. இரண்டாவது தடவை இன்னும் சத்தமாக வந்தது. எதிர் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. தெருவில் தீ காய்ந்துகொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு நின்றது.

தலையில் துண்டு சுற்றிய பெண் ஒருத்தி ஓடி வந்து பூட்டைத் திறந்தாள். “இன்னாக்கா இப்டிக் கத்றீங்க? போகித் தீ வூட்ல பத்திக்கிச்சோன்னு பயந்துட்டேன்” என்றாள். பிறகு பையைப் பார்த்ததும், உள்ளே திரும்பி, “ஏய், மஞ்சள் வந்துட்ச்சுடி, எல்லாரும் வாங்க” என்று என்னைவிட அதிகமாகக் கத்தினாள். ஐந்து பேரும் வரிசையாக வந்து ஆளுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கடைசியாக வாங்கியவள், “ஒரு நிமிஷம் கீது” என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் கேட்டுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கினேன். கொஞ்ச நேரத்தில் பாயின் ஆட்டோ வந்தது. பானைகள் வைக்கோலில், கரும்பு மேலே நீட்டிக்கொண்டு, பின்னால் ஒரு சிவப்புத் துணி கட்டி. அக்கா பானைகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். எல்லா வீட்டிலும் மஞ்சளை வாங்கிக்கொண்டார்களா என்று கண்ணாலேயே கேட்டார். நானும் தலையை மட்டும் ஆட்டினேன்.

“தெரு முனை வரைக்கும் உங்க கொரல் கேட்டுச்சு” என்றார் பாய். “நாளையிலேர்ந்து என் வண்டிக்கி ஹாரனே வாணாம்.”

மிச்ச வாசல்களுக்கு வழி காட்டிக்கொண்டே ஆட்டோவோடு போனதில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவ நேரமில்லை. அப்படியே ஏறிவிட்டேன். செக்கர் பெண் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். பானை வந்ததா என்று கேட்டேன். தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது என்றாள். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. அவ்வளவு பேசியதே எங்களுக்கு அதிகம்.

அன்று நான் மூடிய முதல் பெட்டியின் வெள்ளை மூடியில், சைஸ் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், என் உள்ளங்கைச் சிவப்பு பதிந்துவிட்டது. துணியால் துடைத்தேன். முழுக்கப் போகவில்லை. வேறு மூடி எடுத்துப் போட்டுவிட்டு அந்த மூடியை மேசைக்குக் கீழே வைத்தேன். அந்த ஜோடி எந்த நாட்டுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. போய்ச் சேரும் வீட்டில் நேரம் பார்ப்பார்களா, பார்த்தால் எதை வைத்துப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே அடுத்த பெட்டியை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டியைப் பற்றி அப்படி யோசித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பொங்கல். மூன்று கட்டுக் கரும்பு மிச்சம் இருந்தது. மத்தியானம் அக்கா அதைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பூ கட்ட உட்கார்ந்தார். எனக்கு லீவு. துணி துவைத்துப் போட்டேன். வெயில் நன்றாக இருந்தது.